அப்பாவோட பென்ஷன் சரியா ஃபிக்ஸ் ஆகியிருக்கா? மனுவில் கருணை வேண்டாம், கணக்கு இருந்தா போதும்



மாசம் பிறந்தா நம்ம பே ஸ்லிப்பை எடுத்து பேசிக் எவ்வளவு, எச்.ஆர்.ஏ. எவ்வளவு, பி.எஃப். எவ்வளவு பிடிச்சிருக்காங்கன்னு வரி வரியா பார்க்கிறோம். நூறு ரூபா குறைஞ்சாலும் எச்.ஆர்.-க்கு மெயில் போயிடும். ஆனா வீட்டில் இருக்கிற அப்பாவோட பென்ஷன் எந்தக் கணக்கில் வருதுன்னு கேட்டா, "அது பேங்க்ல வந்துடும்ப்பா" என்பதுதான் பதில். அவரும் பார்க்கிறதில்லை, நாமும் பார்க்கிறதில்லை.

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கலாம். 2016-க்கு முன்னாடி ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கு, ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பிறகு பென்ஷனை எப்படி மாத்தியிருக்கணும்? அது தப்பா நின்னு போயிருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது, யார்கிட்ட எப்படிக் கேக்கிறது? தருமபுரி, பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கம் தபால் ஆபீஸ், டெலிபோன், ரயில்வேன்னு வேலை பார்த்து ஓய்வு பெற்றவங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்க பிள்ளைங்க பாதி பேர் ஓசூர்லயும் பெங்களூர்லயும் வேலையில் இருக்காங்க. இந்தப் பதிவு அந்தப் பிள்ளைங்களுக்குத்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். "நான் மூத்த குடிமகன், தயவுசெய்து கருணையோடு பரிசீலிக்கவும்" என்று மூணு பக்கம் எழுதும் மனுவால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஐந்து வரிக் கணக்கு இருக்கிற ஒரு பக்க மனுவை ஒதுக்கி வைப்பது கஷ்டம். அந்த ஐந்து வரியை எழுத வேண்டியது எக்செல் தெரிஞ்ச நீங்கதான்.

விதி என்ன சொல்லுது?

ஏழாவது ஊதியக்குழு 1.1.2016 முதல் அமலுக்கு வந்தது. 2016 ஆகஸ்ட் 4-ம் தேதி, மத்திய அரசின் ஓய்வூதியம் மற்றும் ஓய்வூதியர் நலத் துறை முதல் உத்தரவைப் போட்டது. அது ரொம்ப எளிது: 31.12.2015 அன்று இருந்த அடிப்படை பென்ஷனை 2.57-ஆல் பெருக்கு, அதுதான் புது பென்ஷன். இதுக்கு பழைய ஃபைல் எதுவும் வேண்டாம். பென்ஷன் கொடுக்கிற வங்கியோ தபால் ஆபீஸோ தங்களிடம் இருக்கிற எண்ணை வைத்தே செய்துவிட்டார்கள்.

அடுத்து 2017 மே 12-ம் தேதி இரண்டாவது உத்தரவு வந்தது. ஓய்வு பெறும்போது ஒருவர் வாங்கிய கடைசி சம்பளத்தை எடுத்து, அவர் இன்னும் வேலையில் இருந்திருந்தா ஒவ்வொரு ஊதியக்குழுவிலும் அது எவ்வளவாக மாறியிருக்கும்னு கருத்தியலாகக் கணக்குப் போடணும். கடைசியாக வரும் ஏழாவது ஊதியக்குழு சம்பளத்தில் 50 சதவீதம் பென்ஷன், 30 சதவீதம் குடும்ப பென்ஷன். இந்தக் கணக்கு, 2.57 கணக்கு இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுக்கணும். இதுவும் 1.1.2016 முதலே அமல்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்குது. இரண்டாவது கணக்கைப் போட, ஓய்வு பெற்ற அன்று வாங்கிய சம்பளம், ஊதிய விகிதம் ரெண்டும் தெரியணும். அது வங்கியிடம் இருக்காது. ஓய்வு பெற்ற அலுவலகம் பழைய ஃபைலை எடுத்து, கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து திருத்திய பென்ஷன் ஆணை வரணும். எங்கேயாவது ஃபைல் கிடைக்கலைன்னா, பென்ஷன் முதல் கணக்கிலேயே நின்னுடும். பணம் மாசா மாசம் வந்துகிட்டே இருக்கிறதால யாருக்கும் சந்தேகமே வராது.

ஒரு கணக்கை முழுசா போட்டுப் பார்ப்போம்

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். இது யாரோட சொந்தக் கணக்கும் இல்லை, ஆனா விகிதங்களும் பெருக்கல் எண்களும் உண்மையானவை.

ஒருவர் தபால் துறையில் போஸ்டல் அசிஸ்டென்ட். 26 வருட சர்வீஸுக்குப் பிறகு கிடைக்கும் பி.சி.ஆர். பதவி உயர்வில் 5000-150-8000 என்ற ஐந்தாவது ஊதியக்குழு விகிதத்துக்குப் போனார். 31.5.2003 அன்று, 60 வயதில் ஓய்வு. மொத்த சர்வீஸ் 34 வருடம். கடைசி இன்கிரிமென்ட் 1.12.2002 அன்று; அதன் பிறகு சம்பளம் 7,100 ரூபாய்.

அந்தக் காலத்தில் பென்ஷன் கடைசி பத்து மாச சராசரியில் பாதி. நாலு மாசம் 6,950, ஆறு மாசம் 7,100. சராசரி 7,040. பென்ஷன் 3,520.

ஆறாவது ஊதியக்குழுவில் இது 2.26-ஆல் பெருகி 7,956 ஆனது. அடுத்து ஏழாவதில் 2.57-ஆல் பெருகி 20,447 ஆனது. இதுதான் முதல் கணக்கு. வங்கி போட்டுக் கொடுப்பது இதைத்தான்.

இப்போ இரண்டாவது கணக்கு:

```
7100 × 1.86  = 13206   → 13210
13210 + 4200 = 17410
17410 × 2.57 = 44743.70 → 44900
44900 ÷ 2    = 22450
```

வரி வரியா சொல்றேன். ஆறாவது ஊதியக்குழுவில் பழைய சம்பளத்தை 1.86-ஆல் பெருக்கி, அடுத்த பத்துக்கு ஏற்றி, அதோட கிரேடு பே சேர்த்தாங்க. 5000-8000 விகிதத்துக்கு கிரேடு பே 4,200. ஏழாவதில் அந்த மொத்தத்தை 2.57-ஆல் பெருக்கி, பே மேட்ரிக்ஸில் அந்த லெவலில் அதுக்குச் சமமான கட்டத்தில், இல்லைன்னா அடுத்த உயர்ந்த கட்டத்தில் உட்கார வைக்கணும். கிரேடு பே 4,200 என்றால் லெவல் 6. அந்த வரிசையில் 43,600-க்கு அடுத்த கட்டம் 44,900. அதில் பாதி 22,450.

வித்தியாசம் மாசம் 2,003 ரூபாய். "இவ்வளவுதானா?" என்று தோணும். ஆனா இது அடிப்படை பென்ஷனில் இருக்கிற வித்தியாசம். இதுக்கு மேல அகவிலை நிவாரணம் ஏறும். நம்ம உதாரணத்தில் இருப்பவருக்கு மே 2023-ல் 80 வயது ஆகுது; 80-ல் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடுதல் பென்ஷன் உண்டு. அதுவும் தப்பான அடிப்படை மேல்தான் கணக்காகும். டிசம்பர் 2025-ல் அகவிலை நிவாரணம் 58 சதவீதம். அப்போ மாத நஷ்டம்:

```
2003 × 1.20 × 1.58 = 3797.69
```

1.1.2016 முதல் 31.12.2025 வரை பத்து வருட நிலுவையை, ஒவ்வொரு ஆறு மாசத்துக்கும் அப்போதைய அகவிலை விகிதத்தைப் போட்டுக் கூட்டினால் 3,02,132 ரூபாய் வருது. 80 வயதுக்கான கூடுதல் பென்ஷன் வித்தியாசம் 19,453. மொத்தம் 3,21,585 ரூபாய். எஸ்.ஐ.பி. போட்டுச் சேர்க்கிற காசு இல்லை இது. ஏற்கெனவே அவருக்குச் சேர வேண்டிய காசு.

அம்மாவோட கணக்கையும் பாருங்க. குடும்ப பென்ஷன், கடைசி சம்பளம் 7,100-ல் 30 சதவீதம், அதாவது 2,130. அது 2.26, 2.57 வழியா போனா 12,372. இரண்டாவது கணக்கில் 44,900-ல் 30 சதவீதம், 13,470. அப்பா இருக்கும்போது திருத்தலைன்னா, அந்தத் தப்பு அம்மாவோட பென்ஷனுக்கும் போகும். அப்போ ஃபைலைத் தேடி அலைய வேண்டியது அவங்கதான்.

இந்த வித்தியாசம் ஏன் வருது?

இதைப் புரிஞ்சுகிட்டா, உங்க வீட்டுக் கேஸில் தப்பு இருக்க வாய்ப்பு இருக்கா இல்லையான்னு நீங்களே ஊகிக்கலாம்.

ஆறாவது ஊதியக்குழு வந்தபோது, பென்ஷனை 2.26-ஆல் பெருக்கினாங்க. சம்பளத்தையோ 1.86-ஆல் பெருக்கி, மேல கிரேடு பே வெச்சாங்க. 2.26-க்கும் 1.86-க்கும் இடைவெளி 0.40. அதாவது பென்ஷன்காரருக்கு அவருடைய சொந்தச் சம்பளத்தில் 40 சதவீதம் கிடைச்சது. வேலையில் இருந்தவருக்கு அதுக்குப் பதிலா கிரேடு பே. அந்த கிரேடு பேயை ஊதியக்குழு எப்படி நிர்ணயம் செய்தது? பழைய விகிதத்தின் உச்ச சம்பளத்தில் 40 சதவீதம். 4500-7000 விகிதத்துக்கு 7,000-ல் 40 சதவீதம், 2,800. 4000-6000 விகிதத்துக்கு 2,400.

அப்போ விகிதத்தின் உச்சிக்குப் போகாம ஓய்வு பெற்ற எல்லாருக்கும், சொந்தச் சம்பளத்தின் 40 சதவீதத்தை விட கிரேடு பே அதிகம். அதனால இரண்டாவது கணக்குதான் பொதுவா ஜெயிக்கும். 5000-8000 விகிதத்துக்கு இன்னும் ஒரு படி. கணக்குப்படி அதுக்கு 3,200-தான் வரணும். ஆனா அதை 5500-9000, 6500-10500 விகிதங்களோட சேர்த்துட்டாங்க, கிரேடு பே 4,200 ஆச்சு. அதனால அந்த விகிதத்தில் ஓய்வு பெற்றவங்களுக்கு வித்தியாசம் பெரிசு. உங்க அப்பாவோட பி.பி.ஓ.-வில் 5000-8000 என்று இருந்தா, இன்னிக்கே உட்கார்ந்து கணக்குப் போடுங்க.

வீட்டில் உட்கார்ந்தே செய்ய ஒரு சோதனை

முதலில் அடிப்படை பென்ஷன் எவ்வளவுன்னு தெரியணும். பாஸ்புக்கில் வருவது மொத்தத் தொகை. நம்ம உதாரணத்தில் டிசம்பர் 2025-க்கான வரவு 39,768 என்று வைத்துக்கொள்வோம். அதில் மருத்துவப்படி 1,000 ரூபாயைக் கழிங்க, 38,768. அதை 1.58-ஆல் வகுங்க, 24,537. 80 வயது தாண்டியவர் என்பதால் 1.20-ஆல் வகுங்க, 20,447. இதுதான் அடிப்படை. கம்யூட்டேஷன் தொகை இன்னும் பிடிப்பில் இருந்தா, அதை முதலில் வரவோடு கூட்டிட்டு அப்புறம் வகுக்கணும். பொதுவா 15 வருடத்தில் அந்தப் பிடிப்பு நின்னுடும். 2003-ல் ஓய்வு பெற்றவருக்கு 2018-ல் நின்றிருக்கணும். நிற்கலைன்னா அது தனியா ஒரு மனு.

இப்போ அந்த அடிப்படையை இரண்டால் பெருக்குங்க. 20,447 × 2 = 40,894. பே மேட்ரிக்ஸைத் திறந்து அந்த எண் எங்கேயாவது இருக்கான்னு பாருங்க. மேட்ரிக்ஸில் எல்லா எண்ணும் நூறில் முடியும். 40,894 இருக்கவே முடியாது. அப்படின்னா பென்ஷன் 2.57 கணக்கில்தான் நிக்குது. ஒண்ணு இரண்டாவது கணக்கைப் போட்டு அது குறைவா வந்திருக்கணும், இல்லை போடவே இல்லை. எதுன்னு மேலே சொன்ன நாலு வரிக் கணக்கு சொல்லிடும்.

இரட்டிப்பு எண் மேட்ரிக்ஸில் இருந்தாலும் ஒரு சோதனை பாக்கி. அது எந்த லெவல் வரிசையில் இருக்கு? நம்ம உதாரணத்தில் அலுவலகம் 5000-8000-க்குப் பதிலா அதுக்கு முந்தைய 4500-7000 விகிதத்தை எடுத்துட்டதா வைங்க. 13,210 கூட்டல் 2,800, 16,010. அதை 2.57-ஆல் பெருக்கினா 41,146, லெவல் 5-ல் அடுத்த கட்டம் 41,600, பென்ஷன் 20,800. பார்க்க சரியாவே இருக்கும், 20,447-ஐ விட அதிகமும் கூட. ஆனா லெவல் தப்பு. மாசம் 1,650 ரூபாய் அடிப்படையிலேயே குறையுது. பி.பி.ஓ.-வில் உள்ள விகிதத்தையும் திருத்திய ஆணையில் உள்ள லெவலையும் ஒப்பிட்டா மட்டும்தான் இது தெரியும்.

இன்னொரு பக்கமும் சொல்லணும். எல்லாத் தப்பும் பணத்தைக் குறைக்காது. கடைசி சம்பளம் 7,100-க்குப் பதிலா சராசரி 7,040-ஐ அலுவலகம் எடுத்திருந்தா என்ன ஆகும்? 13,100 கூட்டல் 4,200, 17,300, 2.57-ஆல் பெருக்கினா 44,461. லெவல் 6-ல் அடுத்த கட்டம் அதே 44,900. ஒரு ரூபா வித்தியாசம் இல்லை. அதனால தப்பைப் பார்த்ததும் மனுவை எழுதாம, கடைசிக் கட்டம் வரைக்கும் கணக்கைப் போட்டுப் பாருங்க.

யாரிடம் கேக்கிறது?

பலரும் செய்யும் தப்பு, வங்கிக் கிளையில் போய் நிற்பது. கிளை மேனேஜர் நல்லவரா இருந்தாலும் அவரால் பென்ஷனைத் திருத்த முடியாது. ஆணையில் உள்ளதைக் கொடுப்பது மட்டும்தான் வங்கியின் வேலை. மனு போக வேண்டியது ஓய்வு பெற்ற அலுவலகத்தின் தலைமைக்கு. நம்ம உதாரணத்தில் அது அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளர். அவர் கணக்குப் போட்டு, சென்னையில் உள்ள அஞ்சல் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பணும். அங்கிருந்துதான் திருத்திய ஆணை வரும்.

மனு இப்படி இருந்தா போதும்:

"ஐயா, நான் 31.5.2003 அன்று 5000-150-8000 விகிதத்தில் ரூ.7,100 அடிப்படைச் சம்பளத்துடன் ஓய்வு பெற்றேன். பி.பி.ஓ. நகல் இணைத்துள்ளேன். தற்போது என் அடிப்படை ஓய்வூதியம் ரூ.20,447. ஓய்வூதியர் நலத் துறையின் 12.5.2017 உத்தரவின்படி கருத்தியல் சம்பளம் லெவல் 6-ல் ரூ.44,900, ஓய்வூதியம் ரூ.22,450, குடும்ப ஓய்வூதியம் ரூ.13,470 (கணக்கு கீழே). 1.1.2016 முதல் திருத்திய ஆணையும் நிலுவையும் வழங்கக் கோருகிறேன். என் கணக்கு தவறெனில், தாங்கள் செய்த கணக்குத் தாளின் நகலைத் தரவும்."

அந்தக் கடைசி வரியை விட்டுடாதீங்க. "விதிப்படி சரியாக உள்ளது" என்ற ஒற்றை வரிப் பதிலோட முடிச்சுடாம, எண்ணுக்கு எண்ணாகப் பதில் வர வைக்கிறது அதுதான். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்க.

பதில் வரலைன்னா, pgportal.gov.in தளத்தில் ஓய்வூதியர்களுக்கான சி.பென்கிராம்ஸ் பிரிவில் அதே கணக்கை இணைத்துப் பதிவு செய்யுங்க. கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, கருத்தியல் சம்பள நிர்ணயக் கணக்குத் தாளின் நகலைக் கேளுங்க. 30 நாளில் பதில் தரணும். கடைசி சம்பளமே தெரியாத வீடுகளில் இந்தத் தகவல் உரிமை மனுதான் முதல் படி.

அப்பா மாநில அரசு ஊழியரா, ஆசிரியரா இருந்தவரா? மேலே உள்ள கணக்கை அப்படியே காப்பி அடிக்காதீங்க. தமிழ்நாட்டில் ஊதியத் திருத்தம் 1.1.2016 முதல் கருத்தியலாகவும், 1.10.2017 முதல் ரொக்கமாகவும் வந்தது. பென்ஷன் திருத்தத்துக்கு 25.10.2017 தேதியிட்ட நிதித்துறை அரசாணை 313-ஐப் பார்க்கணும். அதனால நிலுவை கணக்கு 1.10.2017-ல்தான் ஆரம்பிக்கும். மனுவும் ஓய்வு பெற்ற துறை வழியா சென்னை மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகணும். தருமபுரி கருவூலம் பணம் கொடுக்கும் இடம் மட்டும்தான். கிருஷ்ணகிரி 2004-ல் தனி மாவட்டமானதால, அதுக்கு முன்னாடி ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஓய்வு பெற்றவங்க ஃபைல் இப்போ எந்த ஊர் அலுவலகத்தில் இருக்குன்னு முதலில் கேட்டுடுங்க.

"மனு போட்டா இருக்கிறதையும் குறைச்சுடுவாங்களோ?"

பல வீட்டில் இந்தப் பயம்தான் மனுவைத் தடுக்குது. மத்திய அரசு ஓய்வூதிய விதிகளில் இதுக்குத் தடை இருக்கு. ஒருமுறை வழங்கிய பென்ஷனை, எழுத்துப் பிழை தவிர வேறு காரணத்துக்காக ஓய்வூதியருக்குப் பாதகமாகத் திருத்தக் கூடாது. அந்த எழுத்துப் பிழையும் இரண்டு வருடம் கழித்துத் தெரிய வந்தா, ஓய்வூதியர் நலத் துறையின் சம்மதம் இல்லாம குறைக்க முடியாது. ஓய்வு பெற்றவர்களிடம், அவங்க தப்பு எதுவும் இல்லாத நிலையில் கொடுத்த அதிகப் பணத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாதுன்னு 2014 டிசம்பரில் ரஃபீக் மசி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. ஆனா கணக்கைப் போட்டுப் பார்த்து, உங்களுக்கே அதிகம் வருதுன்னு தெரிஞ்சா, அந்த இடத்தில் மனு தேவையில்லை. அதுக்கும் சேர்த்துத்தான் முதலில் கணக்குப் போடச் சொல்றேன்.

பயப்பட வேண்டியது தாமதத்துக்கு. அலுவலகமே திருத்தினால் நிலுவை 1.1.2016 முதல் வரும். கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தா கதை வேற. தர்சேம் சிங் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: தப்பான பென்ஷன் மாசா மாசம் தொடரும் தவறு, அதனால தாமதமா வந்தாலும் திருத்தலாம்; ஆனா நிலுவை, வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூணு வருடத்துக்கு மட்டும். பத்து வருட நிலுவை மூணு வருடமா சுருங்கிடும்.

விதியே தப்பா இருந்தா?

இதுவரை பேசியது, விதி சரி, கணக்கு தப்பு என்ற வகை. இன்னொரு வகை உண்டு. ஆறாவது ஊதியக்குழுவில் 1.9.2008 உத்தரவு, பென்ஷன் பழைய விகிதத்துக்கு இணையான குறைந்தபட்ச சம்பளத்தில் பாதிக்குக் குறையக் கூடாதுன்னு சொன்னது. ஒரு மாசம் கழித்து வந்த விளக்கம், அதை பே பேண்டின் குறைந்தபட்சம்னு மாத்திட்டது. 18400-22400 விகிதத்தில் ஓய்வு பெற்ற எஸ்-29 அதிகாரிகளுக்கு 44,700 கூட்டல் 10,000-ல் பாதி, 27,350 வர வேண்டிய இடத்தில், 37,400 கூட்டல் 10,000-ல் பாதி, 23,700 வந்தது. அவங்க சங்கம் நிர்வாகத் தீர்ப்பாயம் போனது. 1.11.2011-ல் ஜெயிச்சது. டெல்லி உயர் நீதிமன்றமும் 29.4.2013-ல் அதை உறுதி செய்தது. 2013-ல் அரசு 24.9.2012 முதல் மட்டும் கொடுத்தது, 30.7.2015 உத்தரவில்தான் 1.1.2006 முதல் எல்லாருக்கும் நிலுவை வந்தது. உயர் அதிகாரிகளுக்கே ஏழு வருடம்.

அதனால மனு எழுதும் முன் இதைப் பிரிச்சுப் பாருங்க. கணக்குத் தப்பு என்றால் ஒரு பக்க மனு போதும், வக்கீல் வேண்டாம். விதியே நியாயமில்லைன்னு தோணினா, அதைத் தனி ஆளா கோட்டக் கண்காணிப்பாளரிடம் கேட்டுப் பயனில்லை; அவரால் விதியை மாத்த முடியாது. அது சங்கத்தோட வேலை.

என் வாதம்

அலுவலகங்கள் பக்கம் நியாயம் இல்லாம இல்லை. இருபது முப்பது வருட ஃபைல், பாதி கரையான் அரிச்சது, ஆள் பற்றாக்குறை. தப்பு நடப்பது புரியுது. ஆனா கணக்குத் தாளைக் கொடுக்காதது புரியலை. இரண்டாவது கணக்கைப் போட்ட அலுவலகத்திடம் அந்த நாலு வரி ஏற்கெனவே இருக்கும். போடலைன்னா, போடலைங்கிறதே தாள் இல்லாததில் தெரிஞ்சுடும். திருத்திய ஆணையோட விகிதம், கடைசி சம்பளம், லெவல், கட்டம் என்ற நாலு எண்ணையும் அச்சடிச்சு எல்லா ஓய்வூதியருக்கும் கொடுக்கணும். நமக்கு மாசா மாசம் பே ஸ்லிப் தரும்போது, 80 வயது மனுஷரை ஆர்.டி.ஐ. போட்டு வாங்கிக்கோன்னு சொல்றது முறையில்லை.

எட்டாவது ஊதியக்குழு 2025-ல் அமைஞ்சாச்சு. அதன் பெருக்கல் எண் என்னவா இருந்தாலும், அது இப்போ இருக்கிற அடிப்படை பென்ஷன் மேலதான் விழும். 22,450 மேல விழணுமா, 20,447 மேல விழணுமா என்பதை அதுக்கு முன்னாடி முடிவு செய்துடணும். நிலுவை மொத்தமா வந்தா, ஒரே வருடத்தில் வரி ஏறும். வருமான வரிச் சட்டத்தில் ஒரு படிவம் கொடுத்து, அந்தந்த வருடத்துக்குப் பிரிச்சுக் காட்டும் நிவாரணம் இதுக்காகவே வெச்சிருக்காங்க. ரிட்டர்ன் போடும் முன் அந்தப் படிவத்தைப் போடணும்.

இந்த சனி ஞாயிறு ஊருக்குப் போனா, பீரோவில் இருக்கிற பி.பி.ஓ.-வை எடுத்து போட்டோ பிடிச்சுக்கோங்க. விகிதம், கடைசி சம்பளம், இப்போதைய அடிப்படை, இந்த மூணு எண் போதும். அகவிலை விகிதங்களோட நிலுவைக் கணக்கை வீடியோவில் வரி வரியா போட்டிருக்கேன். உங்க எண்ணை அதில் மாத்திப் பாருங்க.